மெஷினில் எடை அப்படியே, பேன்ட் மட்டும் லூஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு வாரமாக மெஷினில் அதே 82 கிலோ. ஆனால் பேன்ட் லூஸாகிவிட்டது. இதில் எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், இரண்டும் அளப்பது வேறு வேறு விஷயம். மெஷின் காட்டுவது கொழுப்பு, தசை, எலும்பு, ரத்தம், குடலில் இருப்பது எல்லாம் சேர்ந்த மொத்தத்தை. பேன்டுக்குத் தெரிவது ஒரே ஒரு இடத்தின் சுற்றளவு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். 82 கிலோ உள்ள ஒருவர் தினமும் தேவையைவிட 350 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறார், வாரத்தில் நான்கு நாள் உடற்பயிற்சியும் புதிதாகத் தொடங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 28 நாளில் பற்றாக்குறை 9,800 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆக அவர் உடலிலிருந்து சுமார் 1.3 கிலோ கொழுப்பு போயிருக்கிறது.

அதே நான்கு வாரத்தில் உள்ளே சேர்ந்தது என்ன? பயிற்சிக்குப் பழகும் தசை, எரிபொருளாகக் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையைக் கூடுதலாகச் சேர்த்துவைக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரோடுதான் தங்கும். 150 கிராம் கூடினால் தண்ணீரோடு 600 கிராம். பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவும் கூடும். அது 300 கிராம் என்று கொள்வோம். மீதி 400 கிராம், பயிற்சியில் நைந்த தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது பிடித்துவைக்கும் நீரும் கொஞ்சம் புதுத் தசையும். கூட்டினால் 1.3 கிலோ. போனதும் வந்ததும் சமம், அதனால் மெஷின் அசையவில்லை.

ஆளுக்கு ஆள் இந்த எண்கள் மாறும். ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: உள்ளே வந்த இந்தச் சரக்கில் பெரும்பகுதி ஒரு முறை மட்டும் வரக்கூடியது. கிளைக்கோஜன் ஓர் அளவுக்கு நிரம்பியதும் நின்றுவிடும், பிளாஸ்மாவும் அப்படித்தான். அதனால் இந்த விளக்கம் முதல் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குத்தான் செல்லும். ஆறு மாதமாக எடை நின்றிருப்பவருக்கு இதைச் சொல்லிச் சமாதானப்படுத்துவது தவறு.

"தசை கனம், கொழுப்பு லேசு, அதனால்தான் எடை மாறாமலே உடம்பு இளைக்கிறது" என்கிறார்களே, சரிதானா?

பாதிதான் சரி. மேலே சொன்னவரையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கொழுப்பின் எடை சுமார் 0.9 கிலோ. எனவே 1.3 கிலோ கொழுப்பு உடலில் அடைத்திருந்த இடம் 1.44 லிட்டர். பதிலுக்கு வந்த 1.3 கிலோ தசையும் நீரும், லிட்டருக்கு 1.05 கிலோ என்று கொண்டால், 1.24 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் 200 மில்லி. அது உடம்பு முழுக்கப் பரவினால் எந்த பேன்டும் லூஸாகாது.

உண்மையான காரணம், போன இடமும் வந்த இடமும் வேறு என்பது. கொழுப்பு வயிற்றிலிருந்தும் போகிறது. தண்ணீரும் கிளைக்கோஜனும் சேர்வது வேலை செய்த தசையில், அதாவது தொடை, பின்புறம், தோள், கையில். போன 1.44 லிட்டரில் பாதி, அதாவது 0.7 லிட்டர், வயிற்றைச் சுற்றி இருந்தது என்று கொள்ளுங்கள். இடுப்பை 22 செ.மீ. உயரமுள்ள உருளையாக நினைத்துக்கொண்டால், 98 செ.மீ. சுற்றளவு 96 ஆவதற்கு உள்ளேயிருந்து கிட்டத்தட்ட அதே 0.7 லிட்டர்தான் குறைய வேண்டும். எடை மாறாமல் இடுப்பு 2 செ.மீ. இறங்குவது இப்படித்தான்.

ஆய்விலும் இது தெரிந்திருக்கிறது. உடல் பருமன் உள்ள 52 ஆண்களை வைத்து மூன்று மாதம் நடந்த ஆய்வு 2000-இல் வெளியானது. அதில் ஒரு குழுவினர் உடற்பயிற்சி செய்தார்கள், ஆனால் எடை இறங்காதபடி எரித்த கலோரியைச் சாப்பாட்டில் ஈடுகட்டிக்கொண்டார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, எடை குறையாத அந்தக் குழுவிலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு குறைந்திருந்தது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் தொடர்புடையது அந்தக் கொழுப்புதான்.

எத்தனை நாள் எடை மாறாமல் இருந்தால் "நின்றுவிட்டது" என்று எடுத்துக்கொள்வது?

ஒரு நாள் எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உப்பு கூடிய ஒரு வேளைச் சாப்பாடு, மலச்சிக்கல், சரியில்லாத தூக்கம், முந்தைய நாள் போட்ட கடும் பயிற்சி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், மறுநாள் ஒரு கிலோ கூடுதலாகக் காட்ட. காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், குறைந்த உடையில் தினமும் எடை பாருங்கள். ஏழு நாள் எண்களின் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து நான்கு வாரச் சராசரிகள் அரைக் கிலோ வரம்புக்குள் நின்றால் எடை நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். அதற்குள் முடிவுக்கு வருவது அவசரம்.

மாதவிடாய் உள்ளவர்களுக்கு இந்தச் சராசரியும் ஏமாற்றும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் சேரும் நீர், அந்த மாதத்தில் குறைந்த கொழுப்பு முழுவதையும் மறைத்துவிடக்கூடும். அவர்கள் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். இடுப்பளவுக்கும் இதே விதிதான்.

டேப் வைத்து இடுப்பை அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வருகிறது. எப்படித்தான் அளப்பது?

பெரும்பாலும் தவறுவது இடத்தில். பலர் தொப்புளை அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள். வயிறு குறையக் குறைய, தொங்கும் தோலோடு தொப்புளும் இடம் மாறும். மாறாதது எலும்பு. விலாப்புறத்தில் விரலை அழுத்தித் தடவி, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைக் கண்டுபிடியுங்கள். அதே பக்கத்தில் இடுப்பு எலும்பின் மேல் முனையைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடமும் இதுதான்.

டேப் அந்தப் புள்ளியில் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். முதுகுப் பக்கம் டேப் கீழே சரிவதுதான் அடிக்கடி நடப்பது, தனக்குத் தானே அளப்பவருக்கு அது தெரியாது. பக்கவாட்டாகக் கண்ணாடி முன் நின்று பார்த்தால் பிடிபடும். கால்களைச் சேர்த்து, கைகளைத் தளர விட்டு நில்லுங்கள். இயல்பாக மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சை இழுக்குமுன் எண்ணைப் படியுங்கள். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது, வேண்டுமென்றே தள்ளவும் கூடாது. டேப் தோலைத் தொட வேண்டும், தோலில் பதியக் கூடாது.

காலையில் எடை பார்த்த கையோடு அளப்பது நல்லது, ஏனென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு இடுப்பளவு சாதாரணமாகவே கூடும். இரண்டு முறை அளங்கள். ஒரு செ.மீ.க்குள் ஒத்துப்போனால் சராசரியை எழுதுங்கள், இல்லையென்றால் டேப்பைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து. இவ்வளவு கவனமாக அளந்தாலும் ஒரு செ.மீ. பிழை இருக்கவே செய்யும். எனவே 2 செ.மீ.க்குக் குறைந்த மாற்றத்தை மாற்றமாகக் கொள்ள வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளப்பது போதும்.

துணி டேப் பழசானால் நீளும். நீண்ட டேப் உங்கள் இடுப்பை உள்ளதைவிடச் சிறியதாகக் காட்டும். ஸ்டீல் ஸ்கேலோடு ஒரு முறை ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.

டேப் எல்லாம் எதற்கு, பேன்டையே அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாதா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லா பேன்டும் அதற்கு ஆகாது. இடுப்பில் எலாஸ்டிக் இருப்பது, லெக்கிங்ஸ், துணியில் ஸ்பேண்டெக்ஸ் அல்லது எலாஸ்டேன் கலந்தது எல்லாம் உடம்புக்கு ஏற்ப இழுபடும். இழுபடாத நெசவுத் துணியில், பட்டனும் ஜிப்பும் உள்ள பேன்ட் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும்போது பட்டன் சிரமப்பட்டுத்தான் மாட்ட வேண்டும். முதல் நாளே லூஸாக இருப்பதை வைத்து எதையும் அளக்க முடியாது.

அதை அன்றாடம் உடுத்தாமல் தனியாக மடித்து வையுங்கள். ஜீன்ஸ் நான்கு முறை உடுத்தினாலே தளரும், துவைத்தால் மறுபடி இறுகும். நேற்று துவைத்ததையும் ஒரு வாரம் உடுத்தியதையும் ஒப்பிட்டால் நீங்கள் அளந்தது உங்களையல்ல, துணியை. டிரையரில் காய வைத்ததும் இதே கதைதான்.

பார்க்கும் முறை: பேன்டின் மேல் விளிம்பு ஒவ்வொரு முறையும் இடுப்பு எலும்புக்கு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். வயிறு பெரிதாக இருப்பவர்கள் தெரியாமலேயே பேன்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்வார்கள். அங்கே பத்து வருடமானாலும் அதே சைஸ் பொருந்தும், வயிறு வளர்ந்ததும் தெரியாது, குறைந்ததும் தெரியாது. சரியான உயரத்தில் பட்டன் போட்டு, மூச்சை விட்டபின் முன்பக்கத் துணியை விரலால் மெதுவாக வெளியே இழுத்து, வயிற்றுக்கும் துணிக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பிறகு உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது சரியாக இருந்து உட்கார்ந்ததும் வெட்டினால், அடிவயிறு இன்னும் குறையவில்லை.

பெல்ட் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் எளிது. ஓட்டைகளுக்கு இடையே பெரும்பாலும் 2.5 செ.மீ. இருக்கும், ஓர் ஓட்டை உள்ளே போனால் அது அளவீட்டுப் பிழையைத் தாண்டிய மாற்றம். தோல் பெல்ட் நாளாக நாளாக நீளும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எங்கே லூஸாகிறது என்பதும் முக்கியம். இடுப்பு தளர்ந்து, தொடையும் தோளும் அப்படியே இருந்தாலோ சற்றே இறுகினாலோ நல்லது. இடுப்பு மாறாமல் தொடையும் கையும் மட்டும் தளர்ந்தால் அதை வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள். போனது தசையாக இருக்கலாம். மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கும், புரதம் போதாதவர்களுக்கும், நடையைத் தவிர வேறு பயிற்சியே இல்லாதவர்களுக்கும் இது நடக்கும். மோதிரமும் வாட்ச் பட்டையும் ஒரு நாள் இறுகி மறுநாள் தளர்வது நீரால். அதைக் கொழுப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்று மாடி ஏறினால் முன்பெல்லாம் மூச்சு வாங்கும். இப்போது வாங்குவதில்லை. எடை குறையாமல் இது எப்படி?

முதல் கேள்வியில் மெஷினை ஏமாற்றிய அதே பிளாஸ்மாதான் இங்கே உதவிக்கு வருகிறது. ரத்தத்தின் அளவு கூடினால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளும், அதனால் அதே வேலைக்குக் குறைந்த துடிப்பு போதும். இது இரண்டு மூன்று வாரத்திலேயே தெரியும். அடுத்த வாரங்களில் தசைச் செல்களில் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடும். காலில் வலுவும் கூடும். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது நுரையீரல் குறையால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் தொடைத் தசையின் பலமின்மையும் பயிற்சியில்லாத இதயமும்தான்.

எடை நின்றிருக்கும் காலம் படியேற்றச் சோதனைக்கு மிகத் தோதான காலம் என்றே சொல்வேன். ஒரு படியின் உயரம் 17 செ.மீ., மொத்தம் 54 படி என்றால் நீங்கள் ஏறும் உயரம் 9.18 மீட்டர். 82 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க:

```
82 × 9.8 × 9.18 = 7,377 ஜூல்
7,377 ÷ 60 விநாடி = 123 வாட்
7,377 ÷ 50 விநாடி = 148 வாட்
```

எடை மாறாதவர் 60 விநாடியிலிருந்து 50-க்கு வந்தால், அந்த 20 சதவீதம் முழுக்க அவருடைய உடல்திறன். அவரே 5 கிலோ குறைந்து 77-க்கு வந்திருந்தால், திறன் துளிகூடக் கூடாமலே 60 விநாடி 56 ஆகியிருக்கும், சுமை குறைந்ததால். எடையும் இறங்கும் காலத்தில் எது எதனால் வந்தது என்று பிரிப்பது கடினம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்த 54 படியை ஒரு முறை ஏறுவதில் உடல் செலவழிப்பது 8 கலோரி அளவுக்குத்தான். படி ஏறியே எடை குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அது இதயத்துக்கும் காலுக்குமான பயிற்சி, கலோரிக் கணக்கில் அதற்குப் பெரிய இடமில்லை.

"மூச்சு வாங்கவில்லை" என்பதை எப்படி எண்ணாக எழுதி வைப்பது?

ஒரே மாடிப்படி, ஒரே ஷூ, ஒரே நேரம். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காபி, டீ அதற்குமுன் வேண்டாம், துடிப்பு எண் மாறும். ஐந்து நிமிடம் சமதளத்தில் நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்காமல், படி தாவாமல் ஏறுங்கள்.

இரண்டு வழி இருக்கிறது, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதல் வழி, ஓடாமல் முடிந்த வேகத்தில் ஏறி நேரத்தைக் குறிப்பது. இது மனநிலையைப் பொறுத்தது. அன்றைக்கு எவ்வளவு முயன்றீர்கள் என்பதும் எண்ணில் கலந்துவிடும். இரண்டாவது வழி, வேகத்தை மாற்றாமல் வைத்து நாடித் துடிப்பை அளப்பது. 54 படியை 54 விநாடியில் ஏறுங்கள். மொபைலில் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒலிக்கு ஒரு படி. மேலே போய் நின்ற உடனே மணிக்கட்டில் நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் அசையாமல் நின்றபின் மறுபடி 15 விநாடி எண்ணுங்கள். எங்கள் கணிப்பில் இதுதான் நம்பகமானது.

ஒரு மாதிரிப் பதிவு: முதல் வாரம் மேலே போனதும் 148, ஒரு நிமிடம் கழித்து 128. ஆறாவது வாரம் 132, 104. ஏறிய வேகம் ஒன்று, எடை ஒன்று, துடிப்பு 16 குறைந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் இறங்கும் அளவும் 20-இலிருந்து 28 ஆகியிருக்கிறது. 15 விநாடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டாலே நிமிடக் கணக்கில் 4 மாறிவிடும், அதனால் 8-க்குக் குறைந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள். கடும் பயிற்சிக்கு மறுநாள், காய்ச்சல் வந்துபோன வாரம், தூங்காத இரவுக்குப் பின் இந்தச் சோதனை வேண்டாம்.

பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு எண் பொருந்தாது, மாத்திரையே அதைக் கட்டுப்படுத்துகிறது. மேலே போனதும் ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிகிறதா, எத்தனை விநாடியில் மூச்சு இயல்பாகிறது என்பதை அவர்கள் எழுதலாம். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நின்றும் வலி அடங்காவிட்டால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அடங்கிவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள், சோதனையைத் தொடர வேண்டாம்.

தெம்பாக இருப்பதாகத் தோன்றுகிறது. இது உண்மையா, நானாக நினைத்துக்கொள்வதா?

பேன்ட், படியேற்றம், தெம்பு மூன்றிலும் எளிதில் ஏமாற்றுவது இதுதான். நல்ல செய்தி ஒன்று வந்தாலே தெம்பு வந்துவிடும். அதனால் "இன்றைக்கு எப்படி இருந்தது" என்று இரவில் யோசித்து எழுதுவது பயன்படாது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே கேள்வி. பகல் மூன்று மணிக்கு மொபைலில் அலாரம் வைத்து, "இப்போது படுக்க இடம் கிடைத்தால் தூங்கிவிடுவேனா?" என்று கேட்டு 0-இலிருந்து 5 வரை ஒரு எண் போடுங்கள். 0 என்றால் துளியும் தூக்கமில்லை, 5 என்றால் கண் திறந்திருக்கவே முடியவில்லை. அதோடு முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அதுவரை எத்தனை காபி அல்லது டீ என்பதையும் எழுதுங்கள்.

தூக்கமும் காபியும் ஏறத்தாழ மாறாமலிருந்து, வாரச் சராசரி 3.5-இலிருந்து 2-க்கு இறங்கி மூன்று வாரம் அங்கேயே நின்றால், அதை நம்பலாம். தூக்கம் ஒரு மணி நேரம் கூடியிருந்தால் தெம்பு வந்தது அதனால்தான். அதுவும் நல்லதே, ஆனால் பயிற்சியின் கணக்கில் எழுதாதீர்கள்.

எனக்கு நேர்மாறு. எடையும் இறங்கவில்லை, நாளுக்கு நாள் சோர்வுதான் கூடுகிறது.

இதை முயற்சி போதவில்லை என்று புரிந்துகொண்டு பயிற்சியை இன்னும் கூட்டுபவர்கள்தான் அதிகம். அதைச் செய்ய வேண்டாம். உணவை மிகவும் குறைத்துப் பயிற்சியை ஏற்றினால், உடல் தெரியாமலே மற்ற அசைவுகளைக் குறைத்துக்கொள்ளும். உட்காரும் நேரம் கூடும், நடை மந்தமாகும். தினசரிக் காலடி எண்ணிக்கை வைத்திருந்தால் பாருங்கள், பயிற்சி செய்யாத நாட்களில் அது சரிந்திருக்கும். எடை இறங்காததற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

ஒரு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, தினமும் 200 முதல் 300 கலோரி கூட்டிச் சாப்பிட்டுப் பாருங்கள். தண்ணீரால் முதல் சில நாள் எடை அரைக் கிலோ ஏறலாம். சோர்வு நீங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று வாரம் தாண்டியும் சோர்வு விடவில்லையென்றால் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச்., ரத்தச் சர்க்கரை ஆகியவற்றை மருத்துவர் பெரும்பாலும் பார்ப்பார். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருப்பது மாதவிடாய் உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. குறட்டையும், எட்டு மணி நேரம் தூங்கியும் தீராத அசதியும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

படியேற்றம் முன்னேறியிருக்கிறது, இடுப்பளவு மட்டும் அசையவில்லை. இதற்கு என்ன அர்த்தம்?

பயிற்சி வேலை செய்கிறது, சாப்பாட்டில் பற்றாக்குறை இல்லை. ஆறு வாரமாக எடைச் சராசரியும் இடுப்பும் இரண்டுமே நின்றிருந்தால், சாப்பிடுவதும் செலவழிப்பதும் சமம் என்றுதான் பொருள். வேறு மறைவான காரணம் தேட வேண்டியதில்லை. கொழுப்பு குறைய வேண்டுமென்றால் மாற்ற வேண்டியது உணவின் அளவு.

இடுப்பு இறங்கி, படியேற்றம் அப்படியே இருந்தால் இதற்குத் தலைகீழ்: உணவு சரி, பயிற்சி இதயத்துக்குப் போதவில்லை. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் சில நிமிடங்கள் வாரத்தில் இரண்டு முறையாவது வேண்டும். இடுப்பு கூடி, எடை நின்று, கால் கை மெலிந்தால் எந்தத் திட்டத்தையும் தொடராமல் மருத்துவரைப் பாருங்கள். வயிற்றில் நீர் சேர்வதும் அப்படித்தான் தெரியும்.

வீட்டு மெஷின் கொழுப்புச் சதவீதமும் காட்டுகிறது. அதைப் பார்த்தால் போதாதா?

போதாது. அது பாதத்தின் வழியே சிறு மின்னோட்டத்தை அனுப்பி, உடலின் நீரை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. தண்ணீர் குடித்திருந்தால் ஓர் எண், வியர்த்திருந்தால் வேறு எண், பாதம் ஈரமாக இருந்தால் மற்றொன்று. பயிற்சி தொடங்கி உடலில் நீர் மாறும் வாரங்களில்தான் அது மிக அதிகமாகப் பிசகும்.

அப்படியானால் எடையை மறந்துவிட்டு இவற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

உங்கள் இலக்கைப் பொறுத்தது. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது, படி ஏற முடிகிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரி என்றால், எடை எண்ணைத் துரத்த வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அந்தப் பாதி 85 செ.மீ.

முழங்கால் தேய்மானத்துக்காகவோ, தூக்கத்தில் மூச்சுத் தடைக்காகவோ, அறுவை சிகிச்சைக்கு முன்போ எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. முழங்கால் தாங்குவது மொத்த எடையை. இடுப்பு 4 செ.மீ. இறங்கியது அங்கே ஈடாகாது. இவர்கள் இந்த அளவீடுகளைத் திட்டம் பிசகாமல் போகிறதா என்று பார்க்க வைத்துக்கொண்டு, எடைக்கான கெடுவையும் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். எடை மாறவில்லை என்பதால் டோஸும் அப்படியே தொடரலாம்தானே?

எடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பயிற்சி பெற்ற தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்ளும், இதற்கு எடை குறைய வேண்டியதில்லை. பழைய டோஸ் அப்போது அதிகமாகிப்போகலாம். இன்சுலின் போடுபவர்களும், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்களும் பயிற்சிக்குப் பிறகும் அன்றிரவும் நடுக்கம், வியர்வை, படபடப்பு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டுவது, டோஸ் அதிகமாகிப்போனதன் தொடக்க அறிகுறியாக இருக்கலாம். டோஸை நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் எடுத்த பிரஷர், சர்க்கரை எண்களை இடுப்பளவு, படியேற்றப் பதிவுகளோடு சேர்த்து எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் டோஸை மாற்ற வேண்டுமா என்று அதை வைத்துப் பார்ப்பார்.